பந்தியே சிரிக்கும்படி பதிலடி கொடுப்பது எப்படி

போன வருடம் சித்தி மகள் கல்யாணம். முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். எதிர்வரிசையில் பெரிய மாமா. அவருக்குக் காதோரம் இரண்டு பக்கமும் கொஞ்சம் முடி மிச்சம், மற்றபடி முழு வழுக்கை. அவர் என் தம்பியைப் பார்த்து, நாலு இலை தள்ளி இருப்பவருக்கும் கேட்கும்படி, "என்னடா, முப்பது வயசு ஆகல, அதுக்குள்ள முன்னாடியெல்லாம் கொட்டிப் போச்சு?" என்றார்.

தம்பி வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். அப்புறம், "உங்கள மாதிரி வரணும்னு சின்ன வயசுலேர்ந்து நீங்கதான மாமா சொல்லிட்டிருந்தீங்க. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்" என்றான்.

சுற்றி இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது மாமாதான். புரையேறித் தண்ணீர் கேட்டார்.

பக்கத்து இலையில் இருந்த என் நாக்கு நுனியிலும் ஒரு பதில் தயாராக இருந்தது. "மொதல்ல உங்க தலைய கண்ணாடில பாருங்க மாமா." அதைச் சொல்லியிருந்தால் பந்தி அமைதியாகியிருக்கும். இத்தனைக்கும் இரண்டு பதிலிலும் விஷயம் ஒன்றுதான், மாமாவின் வழுக்கை. ஒன்று ஏன் நகைச்சுவையாக விழுகிறது, இன்னொன்று ஏன் கோபமாக விழுகிறது என்பதை அன்றிலிருந்து கவனித்து வருகிறேன். குடும்ப விசேஷங்களில் சீண்டல் கேட்டு வாயடைத்துப் போகிறவர்களுக்கும், வாய் திறந்தால் சண்டையாகிவிடுகிறது என்கிறவர்களுக்கும், கண்டுகொண்டதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், முழுதாகக் கேட்டு முடியுங்கள்

சாதாரணப் பேச்சில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க எடுக்கும் நேரம் மிகக் குறைவு. பல மொழிகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சராசரியாகக் கால் நொடி அளவில்தான் வருகிறது. ஆனால் ஒரே ஒரு சொல்லை மனதில் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே அரை நொடிக்கு மேல் ஆகும். அப்படியானால் வழக்கமான வேகத்தில் பதில் சொல்கிறவர், எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே தன் பதிலைக் கட்டத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். கடைசிச் சொற்களை அவர் பாதிக் காதில்தான் கேட்டிருப்பார். சீண்டலில் பிடித்துக்கொள்ளத் தோதான சொல் பெரும்பாலும் அந்தக் கடைசியில்தான் இருக்கிறது.

அதனால் ஒரு மூச்சு அளவு காத்திருங்கள். ஒரு நொடி போதும். கேட்கிறவர்களுக்கு அந்த ஒரு நொடி, 'இவனுக்குச் சுருக்கென்று தைக்கவில்லை, யோசித்துத்தான் பேசுகிறான்' என்று காட்டிவிடும். உடனே பாய்ந்து வரும் பதில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சூடு பட்ட கையை இழுத்துக்கொள்வது போலத்தான் தெரியும். பந்தியில் இருந்தால் மெல்லுவது நல்ல சாக்கு. தண்ணீர் குடிக்கலாம், இலையில் அப்பளத்தை உடைக்கலாம்.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டால் உங்கள் நேரம் முடிந்தது. ஐந்து நிமிடம் கழித்து, "அப்ப சொன்னீங்களே மாமா" என்று ஆரம்பிக்கிற பதில், எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும் மனதில் வைத்துக் கறுவியதாகத்தான் கேட்கும். விட்டுவிடுங்கள். வீட்டுக்கு பஸ் ஏறிய பிறகு பிரமாதமான பதில் தோன்றும். அதை வீணாக்க வேண்டாம், எழுதி வையுங்கள். சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்விகள் மொத்தம் ஏழெட்டுதான்: எப்போது கல்யாணம், எப்போது குழந்தை, என்ன சம்பளம், ஏன் இளைத்துவிட்டாய், ஏன் பெருத்துவிட்டாய். அடுத்த முகூர்த்தத்தில் அதே கேள்வி, பெரும்பாலும் அதே ஆளிடமிருந்து, திரும்ப வரும்.

அவர் கொடுத்ததையே கையில் எடுங்கள்

புதிதாகப் பழகுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். சீண்டல் முடியைப் பற்றி இருக்கும். பதில் மாமாவின் மகன் கடை வைத்து நஷ்டப்பட்டதைப் பற்றி இருக்கும். கேட்கிறவர்களுக்கு உடனே புரிந்துவிடும், இந்த ஆள் இதை ரொம்ப நாளாக உள்ளே வைத்திருந்தான் என்று. நகைச்சுவை அங்கேயே செத்துவிடும். முடிக்கு முடியோடு நில்லுங்கள். அவர் சொன்ன சொல், அவர் அடிக்கடி சொல்கிற வாசகம், அவர் போட்ட கணக்கு என்று அவர் மேசையில் வைத்ததிலிருந்து மட்டும் எடுங்கள். தம்பி எடுத்தது, மாமா இருபது வருடமாக எல்லாரிடமும் சொல்லி வந்த அறிவுரையை. அதனால்தான் மாமாவால் கோபப்பட முடியவில்லை. அது அவருடைய சொத்து.

எதிர்ப்பதை விட ஒத்துக்கொள்வது பெரும்பாலும் வலுவானது. முடி கொட்டவில்லை என்று தம்பி வாதாடவில்லை. ஆமாம், கொட்டுகிறது என்று ஏற்றுக்கொண்டு, அதற்கு மாமா எதிர்பார்க்காத ஒரு காரணத்தைச் சொன்னான். மறுக்கத் தொடங்கினால் நீங்கள் கூண்டில் நிற்கிறீர்கள். ஒத்துக்கொண்டுவிட்டால் குற்றச்சாட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1984 அதிபர் தேர்தலில் ரொனால்ட் ரீகனுக்கு வயது 73, எதிர்த்து நின்ற வால்டர் மாண்டேலுக்கு 56. முதல் விவாதத்தில் ரீகன் களைத்து, தடுமாறிப் பேசியிருந்தார். அக்டோபர் 21 அன்று கான்சாஸ் சிட்டியில் இரண்டாவது விவாதம். நெருக்கடி நேரத்தில் இந்த வயதில் உங்களால் தாக்குப்பிடிக்க முடியுமா என்ற பொருளில் ஒரு பத்திரிகையாளர் கேட்டார். அதில் தனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை என்று சொல்லிவிட்டு ரீகன் முகத்தில் சிரிப்பே இல்லாமல் தொடர்ந்தார்: வயதை நான் இந்தத் தேர்தலில் ஒரு பிரச்சினையாக்க மாட்டேன், என் எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியல் லாபத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளப் போவதில்லை. அரங்கம் அதிர்ந்தது. மாண்டேலும் வாய்விட்டுச் சிரித்தார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, ரீகன் மாண்டேல்மேல் வைத்த 'குற்றம்' அப்பட்டமாகப் பொய் என்பது. மாண்டேல் செனட்டராக இருந்தவர், நான்கு வருடம் துணை அதிபராக இருந்தவர். 56 வயது இளமையும் இல்லை. யாரும் நம்ப மாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்த குற்றச்சாட்டு யாரையும் காயப்படுத்தாது. உண்மையான ஒரு பலவீனத்தை அவர் தொட்டிருந்தால் அதே கூட்டம் முகம் சுளித்திருக்கும். உங்கள் பதிலில் எதிராளியைப் பற்றி ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், ஒன்று அது யாரும் நம்பாத பொய்யாக இருக்கட்டும், அல்லது மாமாவின் வழுக்கையைப் போல அவரே சொல்லிச் சிரிக்கிற உண்மையாக இருக்கட்டும். அவர் மறைக்கிற உண்மை பக்கம் போகவே வேண்டாம்.

எடை பாருங்கள்

எடை பார்ப்பது என்று நான் சொல்வது இதைத்தான்: வந்த சீண்டலின் எடைக்குச் சமமாக, முடிந்தால் ஒரு மாற்றுக் குறைவாக, திருப்பிக் கொடுப்பது. கூட்டம் எப்போதும் மனதுக்குள் தராசு பிடித்துக்கொண்டிருக்கிறது. வாங்கியதை விட அதிகமாகக் கொடுத்தால், அந்த நிமிடமே அனுதாபம் எதிர்ப்பக்கம் போய்விடும். ஆரம்பித்தது யார் என்பதைக்கூட மறந்துவிடுவார்கள்.

கம்பருக்கும் ஔவைக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் தனிப்பாடல் கதையை இந்தக் கண்ணோடு திரும்பப் பாருங்கள். நடந்ததா இல்லையா என்பது இங்கே முக்கியமில்லை, பாட்டின் கட்டுமானம்தான் முக்கியம். 'ஒரு காலடி, நாலிலைப் பந்தலடி' என்று கம்பர் விடுகதை போடுகிறார். ஒற்றைக் காம்பில் நாலு இலை விரிக்கும் ஆரைக்கீரைதான் விடை. ஆனால் இரண்டு முறை வரும் அந்த 'அடி', ஔவையை 'அடி' போட்டு அழைப்பதாகவும் கேட்கிறது. ஔவை 'எட்டேகால் லட்சணமே' என்று தொடங்குகிறார். தமிழ் எண்களில் எட்டுக்கு 'அ', காலுக்கு 'வ'. சேர்த்தால் அவலட்சணமே. அடுத்து எமன் ஏறும் பரி, அதாவது எருமை. அப்புறம் கழுதை, கூரையில்லாத வீடாகிய குட்டிச்சுவர், ராமனின் தூதனாகிய குரங்கு. முடிவாக, 'ஆரையடா சொன்னாய் அது' என்கிறார்.

கணக்குப் பார்த்தால் இது சரிசமமே இல்லை. இரண்டு 'அடி'க்கு அவலட்சணம், எருமை, கழுதை, குட்டிச்சுவர், குரங்கு என்று ஐந்து வசை. வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் தெருச்சண்டை. அதைக் காப்பாற்றுவது இரண்டு விஷயங்கள். ஒவ்வொரு வசையும் மூடி வைத்து வருகிறது. கேட்கிறவர் அவிழ்த்துப் பார்க்க ஒரு கணம் ஆகிறது, அவிழ்த்ததும் வருகிற மகிழ்ச்சி வசையின் காரத்தைத் தின்றுவிடுகிறது. இன்னொன்று அந்தக் கடைசி வரி. 'ஆரை' என்பது விடுகதைக்குச் சரியான விடை. 'ஆரையடா' என்பது 'யாரைப் பார்த்தடா சொன்னாய்' என்ற கேள்வி. வந்த 'அடி'க்கு ஒரு 'அடா'. எடை அந்த இடத்தில்தான் சரியாகிறது.

அவ்வளவு மூடி வைத்துப் பேசும் திறமை நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. ஆகவே அந்தப் பாட்டில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கடைசி வரியின் அளவை மட்டும்தான் என்பது என் கருத்து. 'அடி'க்கு 'அடா', அத்துடன் சரி.

எடையைக் குறைக்க எளிய வழி, உங்களையும் அவரையும் ஒரே பக்கம் நிறுத்துவது. 'உங்க தலைய கண்ணாடில பாருங்க' என்பதில் மாமா தனியாக நிற்கிறார், விரல் அவரை நோக்கி நீள்கிறது. 'உங்கள மாதிரி வரணும்னு ஆரம்பிச்சிருக்கேன்' என்பதில் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். வழுக்கை குடும்பச் சொத்தாகிவிடுகிறது.

சொற்களை அடுக்கும் விதம்

கோபம் தமிழில் எங்கெங்கே கசிகிறது என்று தெரிந்திருந்தால் அடைப்பது சுலபம். முதல் ஓட்டை மரியாதை விகுதி. இத்தனை நாள் 'சொல்லுங்க' என்று பேசியவர் திடீரென்று 'சொல்லு' என்றால், அந்த ஒரு 'ங்க' காணாமல் போனதிலேயே சண்டை தொடங்கிவிட்டது. அதேபோல 'மாமா', 'அத்தை', 'அண்ணே' என்ற உறவுச் சொல் விழுந்துவிடக் கூடாது. தம்பியின் பதிலில் 'மாமா' என்பதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், கொஞ்சம் கசக்கும். ஆனால் வழக்கத்தை விட அதிக மரியாதையும் ஆபத்துதான். நீ, வா, போ என்று பேசிக்கொள்ளும் நண்பனிடம், "சொல்லுங்க சார்" என்றால் அது குத்தல். என்றைக்கும் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள்.

இரண்டாவது ஓட்டை, கேள்வியாகப் பாய்வது. "யாரைப் பாத்து என்ன சொல்றீங்க?", "நீங்க மட்டும் என்ன ஒழுங்கா?" இந்த வடிவம் பதிலைக் கட்டாயப்படுத்துகிறது, எதிராளியை மூலைக்குத் தள்ளுகிறது. சாதாரணச் செய்தி சொல்வது போன்ற வாக்கியம் அவருக்கு நகர இடம் கொடுக்கும். மூன்றாவது, 'எப்பவும்', 'ஒவ்வொரு தடவையும்', 'உங்க வீட்ல எல்லாரும்' மாதிரியான சொற்கள். ஒரு வாக்கியத்துக்கு வந்த பதில் ஒரு வரலாற்றுக்கு வந்த பதிலாக மாறிவிடும்.

அப்புறம், திருப்பம் கடைசியில் வர வேண்டும். தமிழில் வினை கடைசியில் நிற்பது இதற்குப் பெரிய வசதி. "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்" என்று முடியும்போது, ஏற்கெனவே முடித்தவர் யார் என்று கூட்டம் தானாகவே மாமாவின் தலையைப் பார்க்கிறது. வழுக்கை என்ற சொல்லே பதிலில் இல்லை. அதைத் தம்பி முன்னாலேயே, "நீங்களும் வழுக்கை, நானும் உங்களை மாதிரி" என்று உடைத்திருந்தால் மிச்ச வாக்கியத்துக்கு வேலையே இருந்திருக்காது. நீங்கள் எழுதி வைக்கும் பதிலை ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பு வர வேண்டிய சொல்லுக்குப் பிறகு இன்னும் சொற்கள் ஓடினால், அவற்றை முன்னால் தள்ளுங்கள் அல்லது வெட்டுங்கள். ஒன்றரை வாக்கியத்துக்கு மேல் போனால் அது விளக்கமாகிவிடும்.

குரல், முகம், அப்புறம் நிறுத்தம்

கோபம் வந்தால் குரல் உயரும், சத்தம் கூடும், வேகம் கூடும். மூன்றையும் ஒரே சமயத்தில் கட்டுப்படுத்தப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. வேகத்தை மட்டும் கவனியுங்கள். மெதுவாகச் சொல்ல முயன்றாலே மற்ற இரண்டும் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு பேசாமல், கொஞ்சம் விட்டுவிட்டுத் தொடங்கினால் குரல் கீழேயே இருக்கும். சொல்லும்போது நீங்களே சிரிக்காதீர்கள். முகம் இறுகவும் வேண்டாம். 'சாம்பார் இன்னும் கொஞ்சம்' என்று கேட்கும்போது இருக்கிற முகம் போதும்.

இவ்வளவு செய்தும் குரல் நடுங்குகிறது, காது சூடாகிறது என்றால், அன்று பதில் வேண்டாம். நல்ல பதிலையும் நடுங்கும் குரல் கெடுத்துவிடும், அப்புறம் அந்தப் பதிலை அதே ஆளிடம் இரண்டாம் முறை பயன்படுத்தவும் முடியாது.

சொல்லி முடித்ததும் நிறுத்துவதுதான் பலருக்கு வராத பகுதி. கூட்டம் சிரிக்கிறது, உற்சாகத்தில் இன்னொன்று வருகிறது, அதற்கு மேல் ஒன்று. முதல் பதில் விளையாட்டு, மூன்றாவது பதில் அடி. ரீகனும் அன்று சிரிப்பு அடங்கிய பிறகு, மூத்தவர்கள் இளையவர்களின் தவறுகளைத் திருத்தாவிட்டால் அரசே இருக்காது என்று ஒரு பழைய மேற்கோளைச் சேர்த்தார். அந்த வால் இன்று பெரும்பாலோருக்கு நினைவில் இல்லை. நீங்கள் சொல்லிவிட்டுப் பார்வையைத் திருப்புங்கள். தம்பி பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "மாமாவுக்கு ரசம் வைங்க" என்றான். அதில் சமாதானமும் இருந்தது, மாமா முறைத்துக்கொண்டிருக்க அவசியமில்லாத ஒரு வழியும் இருந்தது.

எங்கே இதைப் பயன்படுத்தக் கூடாது

சீண்டல் வேறு, அவமானம் வேறு. சாதி, நிறம், ஊனம், குழந்தை இல்லாத வலி இவற்றைத் தொட்டு ஒருவர் பேசினால், அதற்கு நகைச்சுவையாகப் பதில் சொல்வது அந்தப் பேச்சுக்கு இடம் கொடுப்பதாகிவிடும். அங்கே நேராக, அதே மெதுவான குரலில், "இப்படிப் பேசாதீங்க, எனக்குப் பிடிக்கல" என்று சொல்வதுதான் சரி. இன்னொரு பக்கம், நிஜமான அக்கறையில் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். "உடம்பு சரியில்லையா, இப்படி இளைச்சிட்டியே" என்று பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டால் அது சீண்டல் இல்லை. எப்படிப் பிரிப்பது? கேட்டுவிட்டு அவர் உங்களைப் பார்க்கிறாரா, கூட்டத்தைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். உங்களைப் பார்க்கிறவருக்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். வயதில் சிறியவர்களிடமும், உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர்களிடமும் இந்த வித்தையைக் காட்ட வேண்டாம். அவர்களால் திருப்பிக் கொடுக்க முடியாது.

பலித்ததா என்று பார்ப்பது

கூட்டத்தின் சிரிப்பை நம்பாதீர்கள், கூட்டம் கொடூரமான பதிலுக்கும் சிரிக்கும். எதிராளியின் முகத்தைப் பாருங்கள். அவர் உதடு மட்டும் சிரித்து, கண் இலையில் இருந்தால், அல்லது "நான் சும்மாதான் கேட்டேன்" என்று விளக்கம் சொல்லத் தொடங்கினால், அளவு மீறிவிட்டது. அப்போது பேச்சை நீட்டாமல், கை கழுவும் இடத்தில் தனியாகப் பிடித்து, "மாமா, கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்" என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் அவருக்கு இரண்டாவது முறையும் தலைகுனிவு.

பலித்ததற்கான அடையாளம் வேறு. மறுநாள் காலை முகூர்த்தம் முடிந்து, சம்பந்தி வீட்டார் காபி குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு மாமா தம்பியைத் தோளில் கை போட்டு அழைத்துப் போனார். "இவன் என் மருமான். நேத்து என்ன சொன்னான் தெரியுமா?" என்று முழுக் கதையையும் அவரே சொன்னார். கடைசி வரிக்கு வரும்போது தம்பியை விட நன்றாக நிறுத்தி, தன் தலையைத் தடவிக்கொண்டு, "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கானாம்" என்றார்.